ரிலே வழியாக ஒரு போன் அழைப்பு: ரெயூனியனில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நாங்கள் காரைக்காலிலிருந்து ரெயூனியனுக்கு வந்து சேன்-ஆந்த்ரேயில் குடியேறிய நாளிலிருந்து அவனுக்கு வேண்டிய போன் எல்லாம் நான்தான் பேசினேன். பல் டாக்டரிடம் நாள் வாங்குவது, வாடகை வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்வது, வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பது எல்லாமே என் வழியாகத்தான். அவன் சைகையில் சொல்வான், நான் பேசுவேன், பதிலைத் திரும்பச் சொல்வேன். திரும்பச் சொல்லும்போது பாதியை விட்டுவிடுவேன் என்பது எனக்கே பல வருஷம் தெரியாது. "அவர் ரொம்ப நேரம் பேசினாரே, நீ ஒரே வார்த்தையில் 'முடியாதாம்' என்கிறாயே" என்று ஒரு நாள் அவன் கேட்டபோதுதான் உறைத்தது.

இப்போது அவன் தன் போனைத் தானே பேசுகிறான், ரிலே சேவை வழியாக. கோவிலில் பார்க்கிறவர்களில் இரண்டு மூன்று வீட்டார் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆப்பை இறக்குவது ஐந்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் முதல் அழைப்பில் தடுக்கி விழும் இடங்கள்தான் அதிகம், அதனால் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

## ரிலே என்றால் நடப்பது என்ன

சாதாரண அழைப்பில் இரண்டு பேர், ரிலே அழைப்பில் மூன்று பேர். நடுவில் இருப்பவரை இங்கே இடையாளர் என்று சொல்லிக்கொள்வோம். காது கேளாதவரோடு அவர் எழுத்திலோ வீடியோவிலோ பேசுகிறார். மறுமுனையில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசுகிறார். மறுமுனைக்காரருக்கு ஆப்போ விசேஷக் கருவியோ எதுவும் தேவையில்லை. அவருடைய மேசை போன் வழக்கம்போல மணி அடிக்கும், எடுத்து "அலோ" என்பார், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கும் அழைக்க முடிவது இதனால்தான்.

இதன் ஆரம்பம் 1964. காது கேளாத அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட், பழைய தந்தித் தட்டச்சு எந்திரத்தை வீட்டு போனோடு இணைக்கும் கருவியைச் செய்தார். ரிசீவரை அதன் மேல் வைத்தால், தட்டும் எழுத்துக்கள் ஒலியாக மாறி போன் கம்பியில் போகும். ஆனால் இரண்டு முனையிலும் அதே கருவி இருக்க வேண்டும். கருவி இல்லாத வீட்டோடு பேச ஓர் ஆள் நடுவில் உட்கார வேண்டி வந்தது, அதுதான் ரிலே. அந்தக் காலத்தில் ஒருவர் தட்டி முடித்ததும் "இனி நீங்கள்" என்பதற்கு GA என்று அடிப்பார்கள். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் என்ற அந்த ஒழுங்கு இன்றைய ரிலேக்கும் உதவுகிறது, பின்னால் வருகிறேன்.

பிரான்சில் இது சட்டக் கடமையானது தாமதமாகத்தான். 2016 அக்டோபர் 7 தேதியிட்ட டிஜிட்டல் குடியரசுச் சட்டத்தின் 105ஆவது பிரிவுப்படி, 2018 அக்டோபர் 8 முதல் போன் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ரிலேயைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். காது கேளாதவர், கேட்கும் திறன் குறைந்தவர், கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர், அபேசியா உள்ளவர் என்று நான்கு வகையினரை அந்தப் பிரிவு சொல்கிறது. அபேசியா என்பது பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்பால் வார்த்தை வராமல் போவது. பக்கவாதம் வந்த பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஒருவருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்று தொடங்கியது. 2021 அக்டோபரில் மூன்று மணி ஆனது. 2026 அக்டோபர் முதல் ஐந்து மணி என்று வகுத்திருக்கிறார்கள்.

## முதலில் முடிவு செய்ய வேண்டியது: எழுத்தா, கையா

பதிவு செய்யும்போதே எந்த முறையில் பேசப்போகிறீர்கள் என்று ஆப் கேட்கும். இதில் அவசரப்படாதீர்கள்.

எழுத்து ரிலேயில், மறுமுனைக்காரர் பேசுவதை இடையாளர் தட்டச்சு செய்ய, உங்கள் திரையில் வரிவரியாக வரும். உங்களுக்குக் குரல் இருந்தால் நீங்களே பேசலாம், பதிலை மட்டும் படிக்கலாம். வயதான பிறகு காது போனவர்களுக்கு இதுதான் மிகச் சுகமான வழி. அவர்கள் குரலையே மறுமுனைக்காரர் கேட்கிறார், உரையாடலும் வேகமாகப் போகிறது. குரல் இல்லாதவர்கள் தட்டச்சு செய்தால் அது குரலாக மறுமுனைக்குப் போகும். காது நன்றாகக் கேட்டுப் பேச்சு மட்டும் வராதவர்களுக்கு இதன் மறுபாதி: பதிலை நேரே காதால் கேட்டு, சொல்ல வேண்டியதை மட்டும் தட்டலாம்.

வீடியோ ரிலேயில் இடையாளர் பிரெஞ்சு சைகை மொழி மொழிபெயர்ப்பாளர். அவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு காமிரா முன் உட்கார்ந்திருப்பார். நீங்கள் கையால் சொல்வதை அவர் உடனே குரலில் சொல்வார். கேட்டதை உடனே கையால் சொல்வார்.

பிறவியிலிருந்து காது கேளாத பிள்ளைக்கு, "பிரெஞ்சு நன்றாகப் படிப்பானே, எழுத்தே போதும்" என்று பெற்றோர் முடிவு செய்துவிடுவதைப் பார்க்கிறேன். சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துப் பிரெஞ்சு இரண்டாவது மொழி. நமக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும். சைகை மொழிக்கு அதன் சொந்த இலக்கணம் இருக்கிறது, அது கையால் காட்டும் பிரெஞ்சு இல்லை. என் தம்பி கடிதம் நன்றாக எழுதுவான், ஆனால் நிதானமாக எழுதுவான். போனில் ஒருவர் மூச்சு விடாமல் பேசி அது திரையில் ஓடும்போது தொடர முடியாமல் தவித்தான். வீடியோவுக்கு மாறியதும் அவன் முகமே மாறியது. ஆகவே பெற்றோரே, நீங்கள் தேர்வு செய்யாதீர்கள். இரண்டையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு அவர்களே சொல்லட்டும்.

மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. உதட்டசைவைப் படித்துப் பழகியவர்களுக்காக, இடையாளர் பேசிக்கொண்டே முகத்தருகில் கையால் ஒலிக்குறிகள் காட்டுவார். பள்ளியில் அந்த முறையில் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது பயன்படும்.

## பதிவு செய்வது

2018ல் தொடங்கியபோது பெரிய போன் கம்பெனிகளின் கூட்டமைப்பு இதற்காகத் தேர்ந்தெடுத்த ஆப் Rogervoice. உங்கள் கம்பெனி எந்த ஆப்பைத் தருகிறது என்பதை அவர்கள் இணையதளத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான பக்கத்தில் பாருங்கள். தீவில் விற்கும் சிம்களில் சில, பெரிய கம்பெனியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் கணக்கு வேறாக இருக்கும். அதனால் கடையில் போய் "என் சந்தாவில் ரிலே உண்டா" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

போன் சந்தா காது கேளாதவரின் பெயரிலேயே இருக்கட்டும். நம் வீடுகளில் எல்லா சிம்மும் அப்பா பெயரில்தான் இருக்கும். பிறகு மணி நேரக் கணக்கில் ஏதாவது கேள்வி வந்தால் கம்பெனி அப்பாவைத்தான் தேடும்.

அடுத்தது நேரம். வார நாட்களில் காலை 8:30 முதல் மாலை 7 வரை என்பது போல ஒரு சேவை நேரம் ஆப்பில் போட்டிருக்கும். அது பாரிஸ் நேரமா, நம் நேரமா என்று பாருங்கள். பாரிஸ் நேரமாக இருந்தால் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் இரண்டு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது அங்கே 8:30 என்றால் இங்கே ஜனவரியில் 11:30, ஜூலையில் 10:30. நம் ஊர் டாக்டர்களும் அலுவலகங்களும் காலையிலேயே போன் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து "ஆப் வேலை செய்யவில்லை" என்று சோர்ந்துபோவதற்குள் இதைச் சரி பாருங்கள். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அழைப்பது இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும்.

## வீடியோவுக்கு இடம் தயார் செய்வது

போனைக் கையில் பிடித்துக்கொண்டு சைகை செய்ய முடியாது. பெரிய தாங்கி வேண்டாம், எங்கள் வீட்டில் அரிசி டப்பாவில் சாய்த்துத்தான் வைக்கிறோம். தலைக்கு மேல் ஒரு சாண் இடமும் கீழே இடுப்பு வரையும் தெரிய வேண்டும். கைகள் அகலமாகப் போகும்போது ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துப்போகும், சைகை மொழியில் பாதிப் பொருள் முகத்தில்தான் இருக்கிறது. ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பூப்போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து வேறுபடும் ஒற்றை நிறம் போதும்.

இணையத்தில் கவனிக்க வேண்டியது மேலே அனுப்பும் வேகம். வீடியோ பார்க்க முடிகிறது என்பதால் வீடியோ அனுப்ப முடியும் என்று அர்த்தமில்லை. விரல்களை முகத்தின் முன் வேகமாக ஆட்டி உங்கள் படத்தைப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பட்டையாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படித்தான் தெரியும். உங்கள் படம் உங்கள் திரையில் தெளிவாக இருந்தும் அங்கே கலங்கிப் போகலாம், அதனால் ஆரம்பத்திலேயே "தெளிவாகத் தெரிகிறதா" என்று அவரைக் கேட்டுவிடுங்கள். ஸலஸி பக்கம் மலைப்பள்ளத்தில் இருப்பவர்கள் வீட்டு வைஃபையை நம்புங்கள். அதுவும் சரியில்லாத நாளில் எழுத்துக்கு மாறுங்கள். எழுத்துக்கு வீடியோவில் ஒரு சிறு பங்கு வேகமே போதும்.

## குறிப்புச் சீட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இடையாளருக்கு உங்களைத் தெரியாது. நம் தீவும் தெரியாமலிருக்கலாம். நீங்கள் பல் டாக்டரை அழைக்கிறீர்களா, வங்கியையா என்பதுகூடத் தெரியாமல் அவர் உள்ளே வருகிறார். ஒரு சைகைக்கோ, சரியாகக் கேட்காத ஒரு வார்த்தைக்கோ பொருள் கொள்ள அவருக்குச் சூழல் வேண்டும். எனவே ஒரு தாளில் பெரிய எழுத்தில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: யாரை அழைக்கிறீர்கள், எதற்காக, உங்கள் பெயர் எழுத்துக் கூட்டி, பேச்சில் வரக்கூடிய ஊர்ப் பெயர்களும் எண்களும். வீடியோவில் அதை அப்படியே காமிராவுக்கு முன் பிடித்துக் காட்டிவிடலாம். எழுத்து ரிலேயில் முன்கூட்டியே தட்டி வைத்து ஒட்டலாம்.

பெயர் முக்கியம் என்று சும்மா சொல்லவில்லை. சுப்பிரமணியன் என்பது இங்கே Soupramanien என்று பதிவாகியிருக்கும், காரைக்காலிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும். பிரான்சிலிருக்கும் இடையாளர் காதால் கேட்டு இதை ஊகிக்கவே முடியாது. பன்னிரண்டு எழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் குரலில் சொல்லி, மறுமுனைக்காரர் எழுதி, ஒரு எழுத்து தவறி, மறுபடி முதலிலிருந்து... ஒரு பெயருக்கே இரண்டு நிமிஷம் போய்விடும்.

குரல் மெனு இருக்கும் எண் என்றால் அதையும் சீட்டில் எழுதுங்கள். "நாள் வாங்க இரண்டை அழுத்தவும்" என்று எந்திரம் சொல்லி, இடையாளர் அதை எழுதி, நீங்கள் படித்து, "இரண்டு" என்று பதில் சொல்வதற்குள் எந்திரம் பொறுமை இழந்து முதலிலிருந்து தொடங்கிவிடும். "மெனு வந்தால் நாள் வாங்கும் பகுதிக்கு நீங்களே போய்விடுங்கள்" என்று முன்பே சொல்லி வைத்தால் அவர் பார்த்துக்கொள்வார். அதேபோல வாய்ஸ்மெயில் வந்தால் விட வேண்டிய செய்தியையும் எழுதி வையுங்கள். பீப் சத்தத்துக்கு அப்புறம் யோசிக்க நேரம் கிடைக்காது.

## ஓர் அழைப்பு, முதலிலிருந்து கடைசி வரை

போன வருஷம் தம்பியின் காரில் பிரேக் போடும்போது உரசும் அதிர்வு வந்தது. அடுத்த ஊரிலுள்ள ஒரு மெக்கானிக் கடைக்கு அழைக்க வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு வீடியோ ரிலேயைத் திறந்தான். நான் காமிராவில் படாத இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணைப் போட்டதும் வரிசையில் காத்திருக்கச் சொன்னது. சிறிது நேரத்தில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் திரையில் வந்து வணக்கம் சொன்னார். தம்பி சீட்டைக் காட்டினான்: மெக்கானிக் கடை, முன் பிரேக், விலையும் நாளும் வேண்டும், பெயர், வண்டி மாடல், வருஷம். அவர் தலையசைத்துவிட்டு அழைத்தார். மணி அடிக்கிறது என்று கையால் காட்டினார்.

கடைக்காரர் எடுத்தார். இதற்கு அடுத்த இருபது நொடியில்தான் நிறைய அழைப்புகள் செத்துப்போகின்றன. முன்பு ஒரு மருத்துவமனைக்கு அழைத்தபோது, "நான் மொழிபெயர்ப்பாளர், உங்களுக்கு ஒரு அழைப்பு..." என்று தொடங்கியதுமே ஏதோ விற்க வருகிறார்கள் என்று நினைத்து மூன்று தடவை வைத்துவிட்டார்கள். அந்தச் சோகம் தம்பியின் முகத்தில் அன்று முழுக்க இருந்தது. அதன் பிறகு ஒரு வழி கண்டோம். முதல் வாக்கியத்தில் சேவையைப் பற்றிப் பேச வேண்டாம், காரியத்தைச் சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொள்வோம். அன்றும் அப்படித்தான் அவர் தொடங்கினார்: "வணக்கம், உங்கள் கடைக்கு வர நினைக்கும் ஒரு வாடிக்கையாளர் பிரேக் பற்றிக் கேட்கிறார். அவருக்குக் காது கேட்காது, சைகை மொழியில் பேசுகிறார், நான் அதைக் குரலில் சொல்கிறேன். நீங்கள் அவரிடம் நேராகவே பேசலாம்." கடைக்காரர் வைக்கவில்லை.

ஆனால் அவர் "வண்டி என்ன மாடல் என்று அவரிடம் கேளுங்கள்" என்று தொடங்கினார். எல்லாருமே இப்படித்தான் தொடங்குவார்கள். மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே கையால் சொல்லிவிட்டார். தம்பி "என் வண்டி..." என்று பதில் சொல்ல, அவர் "என் வண்டி..." என்றே குரலில் சொன்னார். ரிலேயில் இடையாளர் எப்போதும் "நான்" என்றுதான் பேசுவார், அந்த "நான்" தம்பி. இரண்டு மூன்று தடவைக்கு அப்புறம் கடைக்காரரும் "உங்களுக்கு எப்போது வசதி" என்று நேரே கேட்கத் தொடங்கிவிட்டார்.

நடுவில் கடைக்குள் யாரோ கூப்பிட்டார்கள். அவர் ரிசீவரைப் பொத்தாமலே அந்த ஆளுக்குப் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார்: பின்னால் ஓர் ஆள் கூப்பிடுகிறார், இரும்பு தட்டும் சத்தம் கேட்கிறது. கேட்பது எல்லாவற்றையும் சொல்வது அவர் கடமை, எதையும் தானாக வடிகட்டக் கூடாது. நான் பத்து வருஷமாகச் செய்யாதது இதுதான். தம்பி காத்திருந்தான், எரிச்சலே இல்லை. ஏன் காத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வந்தது கிரியோல். விலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர் "மி ரப்பேல் அவு தலேர்" என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைக்கிறேன் என்று பொருள். நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்று, "மன்னிக்கவும், பிரெஞ்சில் ஒரு தடவை சொல்ல முடியுமா" என்றார். சைகையில் தம்பியிடமும் "சரியாகப் புரியவில்லை, கேட்கிறேன்" என்று சொன்னார். நல்ல இடையாளருக்கு இதுவே அடையாளம்: ஊகித்து நிரப்ப மாட்டார், புரியவில்லை என்பதை இரண்டு பக்கமும் சொல்வார். இப்போதெல்லாம் தம்பி சீட்டின் மேலேயே "கிரியோல் பேசினால் பிரெஞ்சில் கேளுங்கள்" என்று எழுதி வைக்கிறான்.

திரும்ப அழைக்க எண் வேண்டுமே. இது இன்னொரு கண்ணி. பிரெஞ்சில் 92 என்பது "நான்கு இருபது பன்னிரண்டு", 73 என்பது "அறுபது பதின்மூன்று". நம் மொபைல் எண்களே 0692, 0693 என்று தொடங்குபவை. கேட்பவர் 4 என்று தொடங்கி, 80 என்று திருத்தி, கடைசியில் 92க்கு வர வேண்டும். எழுத்து ரிலேயில் திரையில் 60 என்று விழுந்து, அழிந்து, 73 என்று மாறுவதை நீங்களே பார்க்கலாம். முதலில் விழுந்ததை எழுதிக்கொண்டால் தப்பு. அதனால் எந்த எண்ணையும், நீங்கள் சொன்னாலும் அவர் சொன்னாலும், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். தேதியும் விலையும் அப்படியே. அன்று கடைக்காரர் எண்ணைத் திருப்பிப் படித்தபோது ஒரு இலக்கம் மாறியிருந்தது.

அதோடு தம்பி ஒன்று சேர்த்துச் சொன்னான்: "அழைக்க வேண்டாம், விலையை அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்." திரும்பி வரும் அழைப்பு ரிலேக்குப் போகுமாறு ஆப்பில் அமைத்து வைக்காவிட்டால், அது வெறும் குரல் அழைப்பாகத்தான் வந்து நிற்கும். அமைத்திருந்தாலும் சேவை நேரம் முடிந்த பிறகு அவர் அழைத்தால் இடையாளர் இருக்க மாட்டார். மாலை ஐந்து மணிக்கு எஸ்எம்எஸ் வந்தது, விலையும் வியாழக்கிழமை காலை என்ற நாளும். முழு அழைப்பும் ஏழு நிமிஷம். நான் பேசியிருந்தால் மூன்று நிமிஷத்தில் முடித்திருப்பேன், அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

## பேச்சின் வேகம்

ரிலேயில் பதில் சில நொடி தாமதித்தே வரும். அந்த இடைவெளியில் மறுமுனைக்காரர் "அலோ? இருக்கிறீர்களா?" என்பார், சிலர் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவார்கள். அப்போது உங்கள் பதில் எந்தக் கேள்விக்கானது என்பது குழம்பிப்போகும். முன்பு சொன்ன GA ஒழுங்கு இதற்குத்தான். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, பதில் முழுவதும் வந்த பிறகு அடுத்தது. குழப்பம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் "ஆமாம்" என்று மட்டும் வரும் பதில். அப்படி வந்தால் மேலே போகாமல், எதற்கு ஆமாம் என்று கேட்டுவிடுங்கள்.

எழுத்து ரிலேயில் இன்னொரு விஷயம். சாதாரண விசைப்பலகையில் யாரும் பேசும் வேகத்தில் தட்ட முடியாது. தொழில்முறைத் தட்டச்சாளர்கள் அசைகளை ஒரே அழுத்தலில் அடிக்கும் விசேஷ விசைப்பலகை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஏறக்குறைய ஈடு கொடுக்கிறார்கள். நீங்கள் சாதாரண போனில் தட்டுவதால் உங்கள் பக்கம்தான் மெதுவாகும். முழு வாக்கியம் எழுதிக் கடைசியில் அனுப்பாமல், துண்டு துண்டாக அனுப்புங்கள். அந்தப் பக்கம் மௌனம் நீளாது.

ஆப்பில் எந்திரமே கேட்டு எழுதும் தானியங்கி வசதியும் இருக்கும். அமைதியான இடத்திலிருந்து தெளிவாகப் பேசுகிறவரிடம் அது நன்றாகவே வேலை செய்யும். மெக்கானிக் கடைச் சத்தத்திலும், கிரியோல் கலந்த பேச்சிலும், மருந்துப் பெயரிலும் தடுமாறும். எந்திரம் "புரியவில்லை" என்று சொல்லாது, தப்பான வார்த்தையைச் சரியானது போலவே எழுதி வைக்கும். டாக்டர், வங்கி, வக்கீல் என்றால் மனித இடையாளரையே கேளுங்கள். இடையாளர்கள் தொழில் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

## மணி நேரத்தை மிச்சம் பிடிப்பது

மாதம் மூன்று மணி என்பது நிறைய போலத் தோன்றும். ரிலே அழைப்பு சாதாரண அழைப்பைவிட இரண்டு மடங்கு நீளும், ஒரு பெரிய கம்பெனியின் காத்திருப்பு இசையில் அரை மணி போய்விட்டால் என்ன மிஞ்சும்?

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதே 2016 சட்டம், பிரான்சில் வருஷ விற்பனை 250 மில்லியன் யூரோவைத் தாண்டும் கம்பெனிகளும், பொது அலுவலகங்களும் தங்கள் போன் சேவையைத் தாங்களே காது கேளாதவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. அதாவது பெரிய வங்கி, காப்பீடு, மின்சாரம், போன் கம்பெனி இவற்றின் இணையதளத்தில் காதின் மேல் கோடு போட்ட சின்னமோ இரண்டு கைகளின் சின்னமோ இருக்கும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில். அதை அழுத்தினால் அவர்கள் செலவில் இடையாளர் வருவார். உங்கள் மணி நேரம் தொடப்படாது. சொந்த மணி நேரத்தை மெக்கானிக், பல் டாக்டர், வீட்டுக்காரர், நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## ரிலேயால் முடியாதவை

எங்கள் வீட்டில் இன்னும் வலிக்கும் இடம் இது. இந்த ரிலே பிரெஞ்சுக்கும் பிரெஞ்சு சைகை மொழிக்கும் நடுவில் மட்டும்தான். எங்கள் அம்மாவுக்குத் தமிழ்தான் சரளமாக வரும். ஊருக்குப் போயிருக்கும் அம்மாவிடம் தம்பி ரிலே வழியாகப் பேச முடியாது. அவர்கள் வாட்ஸ்அப் வீடியோவில் வீட்டுக்குள் உருவான சைகைகளில் பேசிக்கொள்கிறார்கள், சிக்கலான விஷயமென்றால் நான் இன்னும் நடுவில் உட்காருகிறேன். அப்படி உட்காரும்போது ரிலேக்காரர்களிடம் கற்ற இரண்டைக் கடைப்பிடிக்கிறேன்: "நான்" என்று அவனாகவே பேசுகிறேன், எதையும் சுருக்குவதில்லை.

இரண்டாவது, அவசர உதவி. நெருப்பு, விபத்து, நெஞ்சுவலி என்றால் ரிலேயைத் திறக்காதீர்கள். வரிசை இருக்கலாம், நேரம் முடிந்திருக்கலாம். அதற்கென்று தனி எண் 114. எஸ்எம்எஸ் அனுப்பலாம், அல்லது Urgence 114 என்ற ஆப்பில் எழுத்திலோ சைகையிலோ பேசலாம். இரவும் பகலும் ஆட்கள் இருப்பார்கள். அந்த மையம் இருப்பது பிரான்சின் கிரெனோபிள் நகர மருத்துவமனையில். அதனால் முதல் செய்தியிலேயே ரெயூனியன் என்பதையும், ஊர், தெரு, வீட்டு எண்ணையும் எழுதுங்கள், என்ன நடந்தது என்பதை அடுத்ததாக எழுதுங்கள். சேன்-ஆந்த்ரே என்ற பெயரில் பிரான்சிலும் ஊர்கள் உண்டு. முகவரியை முன்கூட்டியே போனில் குறிப்பாகச் சேமித்து வைத்தால், கை நடுங்கும் நேரத்தில் ஒட்டி அனுப்பலாம். ஆப்பை இன்றே இறக்கிப் பெயரும் விவரமும் பதிந்து வையுங்கள், ஆனால் வேலை செய்கிறதா என்று பார்க்க விளையாட்டாக அழைக்காதீர்கள்.

சூறாவளிக் காலத்தில் மின்சாரமும் கோபுரமும் போனால் வீடியோ முதலில் போகும், எழுத்து அடுத்து போகும், கடைசி வரை நிற்பது பெரும்பாலும் எஸ்எம்எஸ். ஜனவரிக்கு முன்பே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், தகவல் வந்தால் கதவைத் தட்ட வேண்டாம், டார்ச் விளக்கை அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள்.

## மறுமுனையில் நீங்கள் இருந்தால்

இதைப் படிக்கிறவர்களில் கடை, மருந்தகம், மருத்துவர் அறை, பள்ளி அலுவலகம் என்று போன் எடுக்கும் வேலையில் நிறையப் பேர் இருப்பீர்கள். "நான் மொழிபெயர்ப்பாளர்" என்று ஒருவர் தொடங்கினால் வைத்துவிடாதீர்கள். உண்மையான இடையாளர் எதையும் விற்க மாட்டார், உங்கள் விவரம் எதையும் தனக்காகக் கேட்க மாட்டார், அழைப்பவரின் காரியத்தை மட்டுமே சொல்வார். அழைத்தவரை "நீங்கள்" என்று விளித்துப் பேசுங்கள், ஒரு வாக்கியம் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள், மௌனத்தைக் கண்டு அவசரப்படாதீர்கள். பக்கத்திலிருப்பவரிடம் "யாரோ ஊமையாம்" என்று சொன்னால் அதுவும் அழைத்தவருக்குப் போய்ச் சேரும். என் தம்பிக்கு ஒரு தடவை போய்ச் சேர்ந்தது. அவன் அமைதியாக, "எனக்குக் காது கேட்காது, உங்களிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பதில் சொன்னான், அந்த அம்மா மன்னிப்புக் கேட்டு, அவன் கேட்ட நாளையே கொடுத்தார்.